தோட்டம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்க வேண்டும்

வீடு வாடகைக்கு, வீடு விற்பனைக்கு என்று வருகிற விளம்பரங்களில் ஒரு வகைப் படம் இப்போது அதிகமாகிவிட்டது. ஹாலின் ஒரு பக்கம் முழுக்க ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே தோட்டம். புல் பச்சைப் பசேல், வானம் நல்ல நீலம், செம்பருத்தியின் ஒவ்வொரு இதழும் தெரிகிறது. உள்ளே பார்த்தால் சோபாவின் தையல் தெரிகிறது, மூலையில் இருக்கும் பூஜை அலமாரியின் கைப்பிடி தெரிகிறது. எங்கும் நிழலே கிடையாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே வெளிச்சம்.

இந்தப் படத்தை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அப்படி ஒரு ஹால் பகல் நேரத்தில் எந்த ஊரிலும் கிடையாது. அழகு, ரசனை என்ற பெயரில் இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நான் 35 வருஷம் கட்டடங்களை அளந்து, வரைந்து, படம் பிடித்துப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தபந்தங்களின் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகையால் கொஞ்சம் விவரமாகவே சண்டை போடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். இதற்குத் தனியாக மீட்டர் எதுவும் வேண்டாம், கேமராவே மீட்டர்தான். கோவை வடவள்ளியில் என் அண்ணன் வீட்டு ஹாலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பதினெட்டு அடி ஆழம், பதினான்கு அடி அகலம். மேற்குப் பக்கம் பத்தடிக்குக் கண்ணாடிக் கதவு, அதற்கு மேலே இரண்டரை அடி சன்ஷேட். வெளியே புல்தரை, ஒரு மாமரம், அதற்கப்பால் வெள்ளையடித்த காம்பவுண்ட் சுவர்.

காலை பதினொன்றரை மணி. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 என்று நிறுத்திவிட்டு, வெயில் விழும் புல்தரையை மட்டும் அளந்தால் ஷட்டர் 1/500 வினாடி என்று காட்டியது. அப்படியே திரும்பி ஹால் நடுவில் இருக்கும் சோபாவை அளந்தால் 1/4 வினாடி. உள்கோடியில் இருக்கும் பூஜை அலமாரிக்கு ஒரு முழு வினாடி.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 500-ஐப் பாதி பாதியாக்கிக்கொண்டே வாருங்கள்: 250, 125, 60, 30, 15, 8, 4. ஏழு தடவை பாதியாக்கினால்தான் 4 வருகிறது. ஒவ்வொரு பாதிக்கும் படக்காரர்கள் ஒரு ‘ஸ்டாப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, புல்தரைக்கும் சோபாவுக்கும் ஏழு ஸ்டாப் வித்தியாசம். சாதாரணத் தமிழில் சொன்னால், சோபாவில் இருக்கும் வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய 125 மடங்கு வெளிச்சம் வெளியே இருக்கிறது. பூஜை அலமாரியோடு ஒப்பிட்டால் 500 மடங்கு.

இந்த 125 மடங்கைத்தான் அந்த விளம்பரப் படம் ஒரு மடங்கு ஆக்கிக் காட்டுகிறது.

எப்படி ஆக்குகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, தோட்டத்துக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, இடைப்பட்ட வெளிச்சங்களுக்கு மூன்று என்று ஐந்து படம் எடுக்கிறார்கள். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். எச்.டி.ஆர். என்று பெயர். வேறு சிலர் தோட்டத்தைத் தனியாக வெட்டி, கதவுச் சட்டத்துக்குள் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு முறைகளிலும் குற்றம் இல்லை. குற்றம், கலக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசிவரை போவதில் இருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. "கண்ணுக்கு இரண்டும் தெரியத்தானே செய்கிறது? ஹாலில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தால் பூவும் தெரிகிறது, திரும்பினால் அலமாரியும் தெரிகிறது. கேமராவுக்குத்தான் அது முடியவில்லை. அதைக் கணினியில் சரிசெய்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. கண் இரண்டையும் பார்க்கிறது, சரி. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் பார்க்கிறது. தோட்டத்தைப் பார்க்கும்போது பாப்பா சுருங்குகிறது, விழித்திரையும் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்கிறது. உள்ளே திரும்பியதும் இரண்டும் மறுபடி மாறுகின்றன. வெயிலில் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் இருட்டிக்கொண்டு வருமே, அதேதான், சிறிய அளவில். எவ்வளவு பழகினாலும் வெளியேதான் வெளிச்சம் அதிகம் என்பது நமக்கு ஒரு போதும் மறப்பதில்லை. யாராவது வந்து கதவருகே நின்றால் அவர் முகம் இருண்டு தெரிகிறது, "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்கிறோம். கண் அந்த வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டுகிறது. அழித்துக் காட்டுவதில்லை. இந்த இடத்தில்தான் அந்தச் சமாதானம் உடைகிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் சித்திக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் மங்கல் வெளிச்சத்தில் தடுமாறுவார். வெளியூரிலிருந்து கோவைக்குக் குடிவர வேண்டியிருந்தது. மகன் வெளிநாட்டில். படத்தைப் பார்த்தே வீட்டைப் பிடித்து, அட்வான்ஸையும் அனுப்பிவிட்டான். மேலே சொன்ன மாதிரியான படம்தான். கண்ணாடிக் கதவு, பச்சைத் தோட்டம், பளிச்சென்ற ஹால். குடிவந்த அன்று நான் போயிருந்தேன். கதவுக்கு ஆறடி தள்ளி எட்டடி உயரக் காம்பவுண்ட் சுவர். மேலே நாலடிக்கு சன்ஷேட். கண்ணாடி பழுப்பு நிறம் ஏற்றிய கண்ணாடி; அது ஒன்றே வருகிற வெளிச்சத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடும். காலை பத்து மணிக்கு ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சித்தி செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்று படித்தார்.

தரகரிடம் கேட்டேன். "நாங்க ஒண்ணும் பொய் சொல்லலைங்க சார். தோட்டம் இருக்குது, ஹால் இருக்குது, கதவு இருக்குது. இப்படிப் போட்டாத்தானுங்க ஃபோனே வருது" என்றார்.

அவர் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொருள் எல்லாமே இருந்தன. இல்லாதது வெளிச்சம் மட்டும்தான். வீட்டுப் படத்தைப் பார்க்கிற ஒருவர் அதிலிருந்து தெரிந்துகொள்ள விரும்புவது எதை? சோபாவையா? சோபாவை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தோட்டமும் ஆறு மாதம் தண்ணீர் விடாவிட்டால் போய்விடும். மாறாமல் அங்கேயே இருப்பது, கதவு எந்தத் திசையில் இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதுதான். தரையில் கதவருகே பளிச்சென்று தொடங்கி உள்ளே போகப்போக மங்குகிறதே, அந்த மங்கல்தான் வீட்டைப் பற்றிய செய்தி. எல்லாவற்றையும் சமமாக்குகிற படம் அந்தச் செய்தியைத்தான் முதலில் அழிக்கிறது.

இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. அவர்களையும் விட்டுவிட மாட்டேன். "நான் இயற்கையாகத்தான் எடுப்பேன், எதையும் தொட மாட்டேன்" என்று ஹாலுக்கு மட்டும் அளந்து படம் எடுப்பவர்கள். ஏழு ஸ்டாப் வித்தியாசத்தில் ஹாலைச் சரியாக எடுத்தால் கதவு முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டியது போல ஆகிவிடும். தோட்டம் இருக்கிறதா, ரோடு இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்த வெள்ளை சட்டத்தின் ஓரங்களையும் தின்றுவிட்டு உள்ளே புகைமாதிரி பரவும். இதுவும் பொய்தான். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு மாமரம் தெரிகிறதே! அதை மறைத்துவிட்டு இயற்கை என்று சொல்வது நியாயமில்லை.

அப்படியானால் எது சரி? என் கட்சி இதுதான்: தோட்டம் உள்ளறையைவிட சுமார் இரண்டு ஸ்டாப் பிரகாசமாக இருக்க வேண்டும். தோட்டம் ஒரு ஸ்டாப் வெளுப்பு, உள்ளே ஒரு ஸ்டாப் மங்கல், அவ்வளவுதான். இலை தெரியும், மரம் தெரியும், சுவர் தெரியும். ஆனால் வெயில் வெயிலாகவே தெரியும். உள்ளே பொருள்கள் தெரியும். கதவருகே பளிச்சென்றும் கோடியில் மங்கலாகவும் இருக்கும். ஏழை இரண்டாக்குங்கள். பூஜ்யம் ஆக்காதீர்கள்.

ஏழை எப்படி இரண்டாக்குவது? இங்கேதான் நான் கணினிக்காரர்களிடமிருந்து முழுதாகப் பிரிகிறேன். அவர்கள் பதினொன்றரை மணிக்கு வந்து நின்றுகொண்டு, ஏழு ஸ்டாப்பையும் மென்பொருளில் மல்லுக்கட்டுகிறார்கள். வேறு நேரத்தில் வந்தால் பாதி வேலையைச் சூரியனே செய்து கொடுத்துவிடும்.

அண்ணன் வீட்டுக் கதவு மேற்குப் பார்த்தது. ஆகவே காலையில் வீட்டின் நிழலே தோட்டத்தின் மேல் விழும். காலை எட்டு மணிக்கு சூரியன் இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துப் பதின்மூன்று அடி உயரமுள்ள வீட்டின் நிழல் இருபது அடிக்கு மேல் நீளும். கண்ணாடி வழியாகத் தெரிகிற புல்தரை பூராவும் அந்த நிழலுக்குள் வந்துவிடும். அதே ஐஎஸ்ஓ 100, எஃப் 8-இல் அளந்தேன். புல்தரை 1/60. சோபா 1/2. பாதியாக்கிப் பாருங்கள்: 30, 15, 8, 4, 2. ஐந்து ஸ்டாப்தான். கையை அசைக்காமலேயே இரண்டு ஸ்டாப் குறைந்துவிட்டது.

உங்கள் கதவு கிழக்குப் பார்த்ததென்றால் மாலை நாலு மணிக்கு மேல் எடுங்கள். வடக்குப் பார்த்ததென்றால் வருஷத்தில் பெரும்பகுதி, பகலில் பல மணி நேரம் தோட்டத்தின் கதவோரப் பகுதி நிழலில்தான் இருக்கும். தெற்குப் பார்த்த கதவுதான் தொல்லை. மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்து நேராக ஹாலுக்குள்ளேயே வரும். அதற்கு மேகமூட்டமான நாளைக் காத்திருந்து பிடிக்க வேண்டும்.

நேரத்துக்கு அடுத்தது கதவு. ஸ்லைடிங் கதவுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஜன்னலுக்கு இது கிடையாது. ஒரு கதவை இழுத்தால் அது இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். ஆக, பாதி இடம் வெறும் திறப்பு, மீதி இடம் இரட்டைக் கண்ணாடி. கண்ணாடி தெளிவானதாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறம் ஏற்றிய கண்ணாடியாக இருந்தால் ஒரே படத்தில் இரண்டு தோட்டம் வந்துவிடும்: திறப்பு வழியாகப் பளிச்சென்று ஒன்று, இரட்டைப் பழுப்புக் கண்ணாடி வழியாக அழுது வடிகிற இன்னொன்று. நம் ஊரில் மூன்றாவது ட்ராக்கில் கொசுவலைக் கதவும் ஓடுகிறது. அதுவும் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் குறைத்து, இலைகளின் கூர்மையை மழுக்கிவிடும்.

ஆகையால் படம் எடுப்பதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். தெளிவான கண்ணாடி என்றால் எல்லாக் கதவையும் மூடி, கொசுவலையை மட்டும் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள். வெயில் பட்டால் தூசி பால்போலத் தெரியும். நிறம் ஏற்றிய கண்ணாடி என்றாலும் எல்லாவற்றையும் மூடியே எடுங்கள். வீட்டில் இருக்கப்போகிறவர் அந்த நிறத்தின் வழியாகத்தானே தினமும் பார்க்கப்போகிறார்? அது படத்தில் தெரியட்டும்.

மூன்றாவது, உள்ளே வெளிச்சம் ஏற்றுவது. மிச்சம் இருப்பது ஐந்து ஸ்டாப், நமக்கு வேண்டியது இரண்டு. மூன்று ஸ்டாப் உள்ளே ஏற்ற வேண்டும். டியூப்லைட்டையும் மஞ்சள் எல்.இ.டி.யையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பகலில் அது போதாது. போதாததோடு, சுவர் மஞ்சளாகவும் கதவோரம் நீலமாகவும் ஆகி நிறம் கெட்டுவிடும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு சாதாரண ஃப்ளாஷை எடுங்கள். ஃப்ளாஷின் நிறம் பகல் வெளிச்சத்தின் நிறத்தை ஒட்டியே இருக்கும்.

ஃப்ளாஷில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது தெரிந்தால் போதும். ஃப்ளாஷ் ஒரு மின்னல். ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் முடிந்துவிடும். ஷட்டர் 1/60 ஆனாலும் 1/200 ஆனாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரே அளவுதான் பதியும். தோட்டத்தின் வெளிச்சமோ ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பதியும். அதாவது ஷட்டர் தோட்டத்தின் குழாய். ஃப்ளாஷின் பவர் உள்ளறையின் குழாய். இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். ஒரே எல்லை, பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு 1/200 அல்லது 1/250-க்கு மேல் போக முடியாது. போனால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும்.

அண்ணன் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன். தோட்டத்துக்குச் சரியான அளவு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/60. நமக்கு அது ஒரு ஸ்டாப் வெளுக்க வேண்டும், ஆகவே 1/30. இதே அளவில் எடுத்தால் கை ஃப்ளாஷ் ஒன்றுக்கு அந்த ஹால் பெரிது. சீலிங்கில் பட்டுத் திரும்பி வருவதற்குள் பலம் போய்விடும். அதனால் ஐஎஸ்ஓ-வை 400 ஆக்கினேன், அப்பர்ச்சரை எஃப் 5.6 ஆக்கினேன். மொத்தம் மூன்று ஸ்டாப் கூடியது. அதை ஈடுகட்ட ஷட்டரை மூன்று ஸ்டாப் வேகமாக்கினால் 1/250 வருகிறது. தோட்டத்துக்கு எந்த மாற்றமும் இல்லை. ஃப்ளாஷுக்கோ எட்டு மடங்கு பலம் வந்த மாதிரி. 1/200-தான் எல்லை என்கிற கேமராவானால் அதிலேயே எடுங்கள், பெரிய வித்தியாசம் வராது.

ஃப்ளாஷைக் கேமராவின் தலையில் மாட்டவில்லை. கேமரா நின்றது உள்கோடியில், கதவைப் பார்த்து. அங்கிருந்து ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சம் உள்ளேயிருந்து வெளியே போவது போலாகி, நாற்காலியின் நிழல் தோட்டத்தை நோக்கி விழும். அது நடக்காத காரியம். ஃப்ளாஷைத் தனியாக ஒரு ஸ்டாண்டில், கதவுப் பக்கத்துச் சுவரோரமாக, படத்துக்குள் வராத இடத்தில் வைத்து, வெள்ளைச் சீலிங்கை நோக்கித் திருப்பினேன். வெளிச்சம் கதவுப் பக்கமிருந்தே வருகிற மாதிரி இறங்கியது. முதல் படத்தில் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தது. சீலிங்கில் பட்ட ஃப்ளாஷின் பிரதிபலிப்பு. ஸ்டாண்டை ஒரு அடி நகர்த்தியதும் போய்விட்டது. முழுப் பவரில் சோபா வேண்டிய அளவுக்கு வந்தது, பூஜை அலமாரி அதைவிட மங்கலாக நின்றது. அலமாரியை நான் தொடவில்லை. அந்த மூலை மங்கலான மூலைதான்.

"மெனக்கெட்டு ஃப்ளாஷ் அடிப்பதும் பொய்தானே? அந்த வெளிச்சமும் வீட்டில் இல்லாததுதானே?" என்று யாராவது மடக்கலாம். நல்ல கேள்வி. நான் கருவியை வைத்துப் படத்தைத் தீர்மானிப்பதில்லை, முடிவை வைத்துத்தான். எச்.டி.ஆர். முறையிலேயே இரண்டு ஸ்டாப் வித்தியாசத்தை விட்டுவைத்து ஒருவர் படம் செய்தால் அதற்கு நான் கைதட்டுவேன். ஃப்ளாஷை நாலு வைத்து மூலை முடுக்கெல்லாம் சமமாக்கினால் அதையும் திட்டுவேன். கண் செய்கிற அளவுக்குக் குறைக்கலாம். அதற்கு மேல் போகக்கூடாது. அந்த எல்லைக்குப் பெயர்தான் நேர்மை.

கண்ணாடி வீட்டைப் படம் எடுப்பதில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் ஜூலியஸ் ஷுல்மன். லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் பியர் கோனிக் கட்டிய ‘கேஸ் ஸ்டடி ஹவுஸ் 22’ என்ற வீட்டை 1960-இல் அவர் எடுத்த படம் கட்டடக்கலை படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், கீழே நகரத்தின் விளக்குகள். அங்கே நிலைமை நமக்குத் தலைகீழ்: வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். அவர் நகர விளக்குகளுக்காக ஷட்டரைப் பல நிமிஷம் திறந்துவைத்தார். உள்ளே இருப்பவர்களை ஃப்ளாஷ் ஒளியில் பதித்தார். கணினி இல்லாத காலம். ஷட்டர் ஒரு குழாய், ஃப்ளாஷ் ஒரு குழாய் என்ற அதே சூத்திரம்தான். செயற்கை வெளிச்சம் போட்டார். ஆனால் அந்தப் படத்தில் இரவு இரவாகவே இருக்கிறது.

ஃப்ளாஷ் எல்லாம் இல்லை, கையில் மொபைல்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்தி நேரம். சூரியன் மறைந்த பிறகு நம் ஊரில் வெளிச்சம் மளமளவென்று இறங்கும். ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப். இருபத்திரண்டு நிமிஷத்துக்குள் அந்தி முடிந்துவிடும். சூரியன் மறைந்ததும் ஹாலில் விளக்குகளைப் போட்டுவிட்டு, ஒரே இடத்தில் மொபைலை நிறுத்தி நிமிஷத்துக்கு ஒரு படம் எடுங்கள். முதல் படங்களில் தோட்டம் ஜெயிக்கும், கடைசிப் படங்களில் ஹால் ஜெயிக்கும். நடுவில் இரண்டு மூன்று படங்களில் தோட்டம் ஒரு விரற்கடை மட்டும் முன்னால் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: மாலை ஆறரை மணிக்கு எடுத்தது என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள். அந்திப் படம் அழகானது. ஆனால் பகலில் ஹால் எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. வாடகைக்கு வருபவருக்கு அதோடு ஒரு காலைப் படமும் வேண்டும்.

காலைப் படத்தை மொபைலிலேயே எடுக்கலாம். இன்றைய மொபைல்கள் நம்மைக் கேட்காமலே நாலைந்து படத்தைக் கலந்துதான் தருகின்றன. திரையில் கதவருகே இருக்கும் உள்சுவரைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இலைகள் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். வானம் முழு நீலமாகும்வரை இழுக்காதீர்கள். ‘ஆட்டோ என்ஹான்ஸ்’ பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

படம் பார்க்கிறவர்களுக்கு மூன்று அடையாளம் சொல்லி முடிக்கிறேன். இவை அட்வான்ஸைக் காப்பாற்றும்.

முதலில் தரையைப் பாருங்கள். கதவருகே பளபளப்பும் உள்ளே வரவர மங்கலும் இருந்தால் நல்ல படம். தரை முழுக்க ஒரே வெளிச்சம் என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, நாற்காலி, டீப்பாய் இவற்றின் நிழலைப் பாருங்கள். பகலில் கதவுதான் விளக்கு. நிழல் உள்பக்கமாகத்தான் விழ வேண்டும். நிழலே இல்லை, அல்லது வெளிப்பக்கம் விழுகிறது என்றால் அந்த வெளிச்சம் வீட்டுடையது இல்லை. மூன்றாவது, கதவுச் சட்டத்தின் ஓரம். கலக்கிய படத்தில் கறுப்புச் சட்டத்தைச் சுற்றிச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ ஒரு வளையம் இருக்கும். காற்றில் ஆடும் இலைகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். அதற்கும் மேல், வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்லும் தோட்டம் உள்சுவரைவிட இருட்டாக இருந்தால், அது சுவரில் மாட்டிய காலண்டர் படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்று இருந்தாலும் தரகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலை பத்து மணிக்கு, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, உள்கோடியிலிருந்து கதவைப் பார்த்து ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?" அனுப்புகிறவரிடம் பேசுங்கள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தடிக்கிறவரிடம் பணம் அனுப்பாதீர்கள்.

சித்தி அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார். பதினொரு மாத ஒப்பந்தம், நடுவில் போனால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களாம். அண்ணன் வீட்டுப் படத்தை விளம்பரத்தில் போட்டபோது, பார்த்துவிட்டு வந்த ஒரு ஆசிரியை கதவைத் திறந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "படத்தில இருந்த மாதிரியேதானுங்க இருக்குது" என்றார். பூஜை அலமாரி மூலைக்கு மட்டும் ஒரு விளக்கு வேண்டும் என்றார். அதற்கு பாயின்ட் ஏற்கெனவே போட்டிருக்கிறது.